இரண்டு மணி ஷிஃப்டும் இரண்டு மணிச் சாப்பாடும்



எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறார். சம்பளம் வங்கியில் ஏறுகிறது. 2025 நவம்பர் 10ஆம் தேதி காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல் நேரே வங்கிக்குப் போயிருக்கிறார். மணி இரண்டேகால். மூன்று கவுன்டரிலும் ஆள் இல்லை, ‘உணவு இடைவேளை’ என்ற அட்டை மட்டும் இருந்திருக்கிறது. பணம் கைக்கு வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. “அவங்களும் சாப்பிடணும்தான் சார், வேணாம்னு சொல்லல. ஆனா மூணு பேரும் ஒரே நேரத்துலதான் சாப்பிடணுமா?” என்று கேட்கிறார்.

கேஷியர்களைத் திட்டி நாலு வரி எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடலாம். வாட்ஸ்அப்பில் அந்த வேலையைச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடித்திருந்தது. அதில் கோபத்தைவிடக் கணக்கு அதிகம். அதனால் இந்த வட்டாரத்தில் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்ததும் முதலில் அவர் பார்த்தது காலண்டரைத்தான்.

“அன்னிக்கு என்ன கிழமை தெரியுமா?” என்றார். திங்கள். அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. அதற்கும் முந்தைய நாள் 8ஆம் தேதி, இரண்டாவது சனி. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. அப்படியானால் 7ஆம் தேதி வெள்ளி சாயங்காலம் சம்பளம் ஏறியவர்கள், திங்கள்தான் கவுன்டருக்கு வர முடியும். இனி சம்பளத் தேதியைப் பாருங்கள். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் இரண்டு கெடு வைத்திருந்தது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், மற்றவை 10ஆம் தேதிக்குள். கெடு எதுவோ அதுவரைக்கும் இழுப்பது பல ஒப்பந்தக்காரர்களின் வழக்கம். ஆக 7ஆம் தேதிக் கூட்டமும் 10ஆம் தேதிக் கூட்டமும் அன்று ஒரே வாசலில் வந்து நின்றன. போதாததற்கு நவம்பர் மாதம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்ச்சான்று கொடுக்க வரும் மாதம்.

இதெல்லாம் காலண்டரில் ஒரு மாதம் முன்னாலேயே தெரிகிற விஷயம். மழை, புயல் மாதிரி வந்து விழுவதில்லை. நண்பர் தன் கிளையில் ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதி வாக்கில் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாள், 1, 7, 10, 15 ஆகியவற்றைச் சிவப்பு மையில் சுழிப்பாராம். கடைசி வேலை நாள் அரசுச் சம்பளமும் ஓய்வூதியமும். 15ஆம் தேதி மகளிர் உரிமைத்தொகை. அந்தச் சிவப்பு நாட்களை ஒட்டி விடுமுறை வந்தால் அடுத்த வேலை நாளுக்கு இரட்டைச் சுழி. ஏப்ரல் மட்டும் தனி ரகம். மார்ச் மாத ஓய்வூதியம் மற்ற மாதங்களைப் போல மாதக் கடைசியில் வராமல் ஏப்ரலில்தான் ஏறும். ஏப்ரல் 1 கணக்கு முடிப்புக்காக வங்கிகளில் பொதுமக்கள் சேவை கிடையாது. அதனால் அந்த மாதம் முதல் நாள் கூட்டம் முழுக்க இரண்டாம் நாளுக்குத் தள்ளிப்போகும். இரட்டைச் சுழி நாட்களில் யாருக்கும் விடுப்பு இல்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார்.

நாள் தெரிந்துவிட்டது. இனி அந்த நாளுக்குள் எந்த மணிக்கு யார் வருவார்கள்? இங்கேதான் எண்ணூர் மற்ற இடங்களிலிருந்து விலகுகிறது. மயிலாப்பூரில் உள்ள கிளையில் நண்பகலுக்குப் பிறகு கூட்டம் மெல்ல வடியும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் அப்படி இல்லை. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலைகளில் காலை ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து இரவு பத்து, பத்திலிருந்து மறுநாள் ஆறு என்பது வழக்கமான பிரிவு. இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பார்கள். ஓய்வூதியர்களும் அப்போதுதான் வருவார்கள். மீன் விற்கும் பெண்கள் வியாபாரம் முடித்துப் பதினொன்று, பதினொன்றரைக்கு வருவார்கள். அவர்கள் பணம் எடுக்க மட்டும் வருவதில்லை, கட்டவும் வருவார்கள். பத்தும் இருபதுமாக, ஈரம் பட்ட நோட்டுகள். எந்திரம் அவற்றை ஒழுங்காக எண்ணாது. கையால்தான் எண்ணியாக வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். பன்னிரண்டரைக்கு மேல் கிளை காற்றாடும். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் காலை ஷிஃப்ட் ஆட்கள் மொத்தமாக வந்து சேர்வார்கள்.

நம் ஊர் வங்கிகளில் சாப்பாட்டு நேரமென்றால் பெரும்பாலும் இரண்டு மணி. எல்லா இடத்துக்கும் பொருந்தும் அந்த நேரம், இந்தக் கடலோரத்துக்கு மட்டும் பொருந்தாது. மற்ற ஊர்களில் கூட்டம் அடங்குகிற வேளை, இங்கே இரண்டாவது அலை எழும்பும் வேளை.

நண்பர் ஒரு தாளை எடுத்துப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். குறிப்பிட்ட எந்தக் கிளையின் கணக்கும் இல்லை, உதாரணத்துக்கு வைத்துக்கொண்டதுதான். மூன்று கவுன்டர். ஒருவருக்குச் சராசரியாக 3 நிமிடம். அப்படியானால் ஒரு கவுன்டர் அரை மணியில் 10 பேரைப் பார்க்கும், மூன்றும் சேர்ந்து 30 பேர். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அரை மணிக்கு 45, 40, 30, 25 பேர் என்று வருகிறார்கள். பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரைக்குள் 20 பேர். அதன் பிறகு இரண்டு மணி வரை அரை மணிக்கு 15 பேர்தான். இரண்டு மணிக்குச் சட்டென்று 40, அடுத்த அரை மணியில் 35, அப்புறம் 20, கடைசியில் 10. நாள் முழுக்க 310 பேர். மூன்று பேரும் ஆளுக்கு அரை மணி சாப்பிட்டாலும் அன்று 330 பேரைப் பார்க்கத் தெம்பு இருக்கிறது. அதாவது ஆள் பற்றாக்குறை இல்லை.

மூவரும் இரண்டு மணிக்குச் சேர்ந்து எழுந்தால் என்ன ஆகும்? பன்னிரண்டரைக்கு 10 பேர் இருந்த வரிசை ஒரு மணிக்குள் கரைந்து, ஒன்றிலிருந்து இரண்டு வரை கவுன்டரில் பாதி நேரம் சும்மா போகும். இரண்டரைக்கு அவர்கள் திரும்பும்போது 40 பேர் நிற்பார்கள். மூன்று மணிக்கு 45 பேர். அப்போது வரிசையின் கடைசியில் வந்து சேர்பவருக்கு முக்கால் மணி நேரம். நாலு மணிக்குக் கதவை மூடும்போதும் உள்ளே 15 பேர் மிச்சம் இருப்பார்கள்.

இனி, ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள் என்று வையுங்கள். முதல் ஆள் ஒரு மணிக்கு, அடுத்தவர் ஒன்றரைக்கு, மூன்றாமவர் இரண்டுக்கு. இதைத்தான் பல கிளைகள் ‘மாற்றி மாற்றிப் போகிறோம்’ என்கின்றன. நல்லதுதான், ஆனால் மூன்றாமவரின் சாப்பாடு இரண்டு மணி அலைக்குள் போய் விழுகிறது. மூன்று மணிக்கு 25 பேர் நிற்பார்கள், காத்திருப்பு 25 நிமிடம். அதே ஆட்கள், அதே அரை மணிச் சாப்பாடு, ஆனால் முதல் ஆள் பன்னிரண்டரைக்கு எழுந்தால் மூன்றாமவர் இரண்டுக்குத் திரும்பிவிடுவார். மாலை வரிசை 15 பேரைத் தாண்டாது. முக்கால் மணி கால் மணியாகிவிட்டது.

சரி, இன்னும் முன்னால் பன்னிரண்டுக்கே தொடங்கினால்? அங்கே லாபம் ஒன்றுமில்லை. காலைக் கூட்டத்தின் வால் அப்போது இன்னும் கரையவில்லை. பன்னிரண்டரைக்கு 20 பேர் நிற்பார்கள், மாலையில் நிற்கப்போவது அதே 15 பேர்தான். இரண்டு அலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, கடைசி ஆளின் சாப்பாடு அந்தப் பள்ளம் முடிவதற்குள் முடியும்படி பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஷியரின் அரை மணி கவுன்டருக்கு அரை மணி ஆகாது. எழுந்து போகுமுன் கையிலிருக்கும் பரிவர்த்தனையை முடிக்க வேண்டும், பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும், கணினியில் லாகினை மூட வேண்டும். திரும்பி வந்தால் இதே வேலை தலைகீழாக. முன்னும் பின்னும் சேர்த்துப் பத்து நிமிடம் போய்விடும். மூன்று பேருக்கு அரை மணி. தாளில் ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தால் நடைமுறையில் இரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் நண்பர் தன் கிளையில் சுழி போட்ட நாட்களில் முதல் சாப்பாட்டைப் பன்னிரண்டேகாலுக்கே தொடங்கிவைத்து, அடுத்தவர் கிளம்ப முந்தையவர் உட்கார்ந்து லாகின் செய்யும்வரை காத்திராமல், அவர் கை கழுவித் திரும்பும்போதே இவர் பெட்டியைப் பூட்டத் தொடங்கும்படி செய்திருக்கிறார். ஐந்து நிமிடம் இரண்டு கவுன்டர் மூடியிருக்கும், பரவாயில்லை, பள்ளத்தில் அது தெரியாது.

‘ஒருவர் எழுந்தால் இன்னொருவர் அந்த இடத்தில் உட்கார வேண்டியதுதானே?’ என்று வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கேஷ் கவுன்டரில் அது முடியாது. ஒவ்வொரு கேஷியருக்கும் தனி லாகின், தனிப் பணம், தனிக் கணக்கு. சாயங்காலம் நூறு ரூபாய் குறைந்தால் கையை விட்டுக் கொடுக்கப்போவது அவர்தான். அடுத்தவர் பணத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. நான்காவதாக ஒருவரை உட்கார வைப்பதென்றால், காலையிலேயே அவர் பெயரில் பணம் எண்ணிக் கொடுத்து, தனிப் பெட்டி திறந்திருக்க வேண்டும். ஒன்றரை மணிக்கு வரிசையைப் பார்த்துவிட்டுக் கடன் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால், அவருக்குப் பணம் எண்ணிக் கொடுப்பதற்குள் பாதிக் கூட்டம் போய்விடும்.

அந்த நான்காவது ஆளை எப்போது உட்கார வைப்பது என்பதிலும் நண்பர் சொன்னது நான் எதிர்பாராதது. சாப்பாட்டு நேரத்தில் காலியாகும் கவுன்டரை நிரப்பத்தானே மாற்று ஆள் என்று நினைத்தேன். மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை அவரை உட்கார வைத்தால் மிச்சமாவது ஐந்து பேர் வரிசை. அதே ஆளை இரண்டிலிருந்து மூன்று வரை வைத்தால், மாலை வரிசையே இருக்காது. காலை பத்திலிருந்து பதினொன்று வரையும் வைத்தால் 25 பேர் நின்ற இடத்தில் ஐந்து பேர்தான் நிற்பார்கள். ஆக அவரது இரண்டு மணி நேரம் இரண்டு அலைகளுக்கும் போக வேண்டும், பள்ளத்துக்கு இல்லை.

இங்கே ரிசர்வ் வங்கியின் விதியையும் சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளர் சேவை பற்றிய அதன் அறிவுறுத்தல், அலுவல் நேரத்தில் எந்தக் கவுன்டரும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது, பணக் கவுன்டர் எதுவும் மூடப்படாதபடி வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. நேரம் முடிவதற்குள் உள்ளே வந்துவிட்ட எல்லாருக்கும் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதன் எழுத்துப்படி பார்த்தால், ஒருவர் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள கிளையில் அது எல்லா நாளும் நடப்பதில்லை. மூன்றில் ஒன்று காலியாக இருப்பதற்காக நான் சண்டை பிடிக்க மாட்டேன். மூன்றும் ஒரே நேரத்தில் காலியாக இருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

கேஷியர்களின் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசினோம். உண்மையில் வரிசையை நிறுத்திவிடுவது பல நாள் உள்ளே கண்ணாடி அறையில் இருப்பவரின் சாப்பாடு. ஒவ்வொரு கேஷியரும் இவ்வளவு தொகை வரைதான் தன் பொறுப்பில் கொடுக்கலாம் என்று வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் அதிகாரி ஒருவர் தன் லாகினில் அனுமதிக்க வேண்டும். அந்த அதிகாரி எழுந்து போய்விட்டால் கவுன்டரில் ஆள் இருக்கும், பணம் இருக்கும், வேலை நகராது. நகைக் கடன் வாங்கியவர் ஒருவர் பெரிய தொகைக்கு நின்றால், அவருக்குப் பின்னால் இரண்டாயிரம் ரூபாய்க்கு நிற்பவரும் சேர்ந்து நிற்பார். நீங்கள் வரிசையில் நிற்கும்போது கேஷியர் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஸ்ட்ராங் ரூம் சாவியும் இப்படித்தான். அது இரண்டு பேரிடம் இருக்கும், இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒருவர் ஒரு மணிக்கும் இன்னொருவர் ஒன்றரைக்கும் சாப்பிடப் போனால், முறை வைத்துப் போனதாகப் பெயர், ஆனால் அந்த ஒரு மணி நேரமும் பெட்டகம் பூட்டியே இருக்கும். அதற்குள் கவுன்டரில் நூறு ரூபாய்க் கட்டு தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளம் பதினோராயிரத்துச் சில்லறை என்று வரும். ஐந்நூறு மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கொடுக்க முடியாது. அதனால் சாப்பாட்டு முறை தொடங்குவதற்கு முன்னால், பன்னிரண்டு மணி வாக்கில், பெட்டகத்தை ஒருமுறை திறந்து ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று மணி வரை தாங்கும் அளவு நூறும் இருநூறும் நிரப்பிவிட வேண்டும். சாவிக்காரர்கள் இருவரும் இரண்டு மணிக்குள் இருக்கைக்குத் திரும்பியிருக்க வேண்டும். நண்பர் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறியது. பட்ட அனுபவம் போலிருக்கிறது, நான் துருவவில்லை.

அலை எப்போது எழுகிறது என்பதைக் கிளை எப்படித் தெரிந்துகொள்வது? கணினியில் எல்லாப் பரிவர்த்தனைக்கும் நேரம் பதிவாகிறதே என்பார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது பணம் கொடுத்த நேரம், ஆள் வந்த நேரம் இல்லை. இரண்டு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் பணம் வாங்கியவர் மூன்று மணிக் கணக்கில்தான் வருவார். வரிசை நீளமாக இருக்கும்போது கணினிப் பதிவு அரை மணிக்கு 30, 30, 30 என்று சமதளமாகவே காட்டும். அப்படிச் சமதளமாகத் தெரிந்தால், அதன் அடியில் வரிசை ஒளிந்திருக்கிறது என்று பொருள். டோக்கன் எந்திரம் இருக்கும் கிளைக்குப் பிரச்சினை இல்லை, டோக்கன் எடுத்த நேரம் அதில் இருக்கும். இல்லாத கிளையில் வாசலில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை நிற்பவர்களின் தலையை எண்ணி எழுதச் சொன்னால் போதும். இரண்டு மூன்று மாதச் சுழி நாட்களுக்கு எழுதினால் தங்கள் கிளையின் பள்ளம் எங்கே என்று தெரிந்துவிடும். அதே நோட்டில், பாஸ்புக் பதிய மட்டும் வந்தவர்கள் எத்தனை பேர் என்றும் குறித்தால் இன்னும் நல்லது. ‘காசு ஏறிடுச்சா பாருங்க’ என்று கேட்க மட்டும் பணக் கவுன்டர் வரிசையில் நிற்பவர்கள் இந்தப் பக்கம் அதிகம். அவர்களுக்குத் தனியாக ஒரு மேசை போட்டால் கவுன்டருக்கு மூச்சு கிடைக்கும்.

பன்னிரண்டேகால் முறையை யாரும் விரும்புவதில்லை. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு அப்போது பசிக்காது, மாலை ஐந்து மணிக்குப் பசி பிடுங்கும். அதையே எப்போதும் புதிதாக வந்த பிள்ளையின் தலையில் கட்டுவது பல இடங்களில் நடக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் நல்ல வலையிடத்தை யாரும் சொந்தம் கொண்டாடாதபடி பாடு என்று முறை வைத்துச் சுற்றிவிடுவார்கள். நல்ல முறையும் கெட்ட முறையும் அப்படி மாறி மாறி எல்லாரிடமும் வர வேண்டும். ஒரு விலக்கு மட்டும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவரின் சாப்பாட்டு நேரத்தைச் சுற்றவே கூடாது. முதலில் அவர் நேரத்தை எழுதிவிட்டு, மற்றவர்களை அதைச் சுற்றி அமர்த்த வேண்டும். பதினொரு மணி டீயும், கழிப்பறைக்கு எழுந்திருப்பதும் இதில் சேராத தனிக் கணக்கு. சுழி நாளில் டீ கவுன்டருக்கே வந்துவிடட்டும், கழிப்பறைக்கு யாரும் முறை பார்த்துப் போக வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய சகோதரி கவனிக்க வேண்டிய புதுச் செய்தி ஒன்றும் இருக்கிறது. நான் முன்பு சொன்ன 7, 10 என்ற இரண்டு கெடுவும் பழைய சட்டத்தில் உள்ளவை. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் மாதச் சம்பளத்துக்கு ஒரே கெடுதான், அடுத்த மாதம் 7ஆம் தேதி. தொழிலாளிக்கு மூன்று நாள் முன்னால் பணம் கிடைத்தால் நல்லதே. ஆனால் இரண்டு நாளாகப் பிரிந்து வந்துகொண்டிருந்த கூட்டம் இனி ஒரே நாளில் வரும் வாய்ப்பு அதிகம். 10ஆம் தேதிக்குச் சுழி போட்டுப் பழகிய கிளைகள் 7ஆம் தேதியை இன்னும் பெரிதாகச் சுழிக்க வேண்டியிருக்கும்.

வாசகர்களில் வங்கி ஊழியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் கிளையின் பள்ளம் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று எழுதுங்கள். இரண்டு மணிக்குக் கவுன்டர் மொத்தமும் மூடியிருப்பதைப் பார்க்கும் வாசகர்கள், கேஷியரிடம் சண்டை போடாமல் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள், தேதியும் நேரமும் குறிப்பிட்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வெறும் பாஸ்புக் பதிவுதான் வேலை என்றால், அல்லது வீட்டில் இருப்பவர் போகலாம் என்றால், ஒரு மணிக்குப் போங்கள். ஒரு கவுன்டர் காலியாக இருக்கும், மற்ற இரண்டில் அதிக நேரம் ஆகாது.

அன்புடன்,
ஆசிரியர்